கன்னா, கண்ணா? ஒரு குரல் பதிவு தவறாகக் கேட்கும் விதம்

குரல் பதிவு என்பது பதில் பேச முடியாத பேச்சு. சொல்பவர் முழுவதையும் சொல்லி முடித்துவிடுவார். கேட்பவர் வேறோர் இடத்தில், வேறொரு நேரத்தில் கேட்பார். வாட்ஸ்ஆப்பில் இந்த வசதி 2013-இல் வந்தது. தட்டச்சு கைவராத முதியவர்களுக்கு அது வரமாக அமைந்தது. அதே பதிவு சில சமயம் வீட்டையே கலங்கடித்துவிடுவதும் உண்டு. அது எப்படி நடக்கிறது என்பதைக் காட்ட ஒரு சின்னக் கதை போதும். ஆட்கள் கற்பனை, காதும் மனமும் வேலை செய்யும் விதம் ஆய்வில் கண்டது.

அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆச்சி, சென்னையில் பேரன். ஆச்சிக்கு இரண்டு வாரத்துக்கு முன்பு வலது கண்ணில் புரை அறுவை நடந்திருந்தது. வீட்டில் ஒரு செவலைப் பசுவும் உண்டு. அது கன்று ஈன்று மூன்று நாளாகிறது. அம்மா சொல்லியிருப்பாள் என்று ஆச்சியும், ஆச்சியே சொல்லியிருப்பாள் என்று அம்மாவும் இருந்துவிட்டதால் பேரனுக்கு அந்தச் செய்தி போகவில்லை. மாலையில் ஆச்சி பதிவு செய்து அனுப்பியது இதுதான்:

"ஏலே ஐயா, ஆச்சி பேசுதேன். கன்னு நேத்துல இருந்து சரியில்ல பாத்துக்க. தண்ணியா ஊத்துது. பால் குடிக்க மாட்டேங்கு. டாக்டர் வந்து பாத்து மருந்து குடுத்துருக்காரு. ரெண்டு நாள் பொறுத்துப் பாப்போம்னாரு. நீ ஒண்ணும் பதறாத."

பேரன் இதை மாநகரப் பேருந்தில் நின்றுகொண்டு ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டான். அவன் காதில் விழுந்தது: கண்ணு சரியில்லை, தண்ணீராக ஊற்றுகிறது, திறக்க மாட்டேன் என்கிறது, டாக்டர் வந்து பார்த்தார். அறுவை நடந்த கண்ணில் நீர் கொட்டினால் அது விளையாட்டில்லை என்று அவனுக்குத் தெரியும். உடனே ஊருக்கு டிக்கெட் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

இதில் அவன் காது செய்த பிழை ஒரே எழுத்தில்தான். 'கன்னு' என்பதில் வரும் ன் ஒலிக்கு நாக்கின் நுனி மேல்பல் வரிசைக்குச் சற்றுப் பின்னால் பட வேண்டும். 'கண்ணு' என்பதில் வரும் ண் ஒலிக்கு நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொட வேண்டும். மற்றபடி இரண்டும் மூக்கொலி; இரண்டிலும் குரல் அதிர்கிறது. நாக்கு எந்த இடத்தைத் தொட்டது என்பது ஒன்றே வேறுபாடு.

சத்தத்தில் முதலில் தொலைவது அந்த வேறுபாடுதான். அமெரிக்காவில் ஜார்ஜ் மில்லரும் பட்ரீசியா நைஸ்லியும் 1955-இல் ஆங்கில மெய்யொலிகளை இரைச்சலோடு கலந்து ஆட்களைக் கேட்க வைத்துச் சோதித்தார்கள். ஓர் ஒலி மூக்கொலியா இல்லையா, அதில் குரல் அதிர்கிறதா இல்லையா என்பதைக் கடும் இரைச்சலிலும் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். வாய்க்குள் அது எந்த இடத்தில் பிறந்தது என்பது மட்டும் சீக்கிரமே மங்கிவிட்டது. ஆங்கிலத்தில் ண் கிடையாது. ஆனாலும் அந்த முடிவைத் தமிழுக்குப் பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை. பேருந்து இரைச்சலில் 'ஏதோ ஒரு மூக்கொலி' என்கிற அளவுக்குச் செய்தி நிற்கும். எந்த மூக்கொலி என்பதை அது சொல்லாது.

வேகத்தைக் கூட்டியதும் சேர்ந்துகொண்டது. ண் வரப்போகிறதா, ன் வரப்போகிறதா என்பதற்கான தடயம் பெரும்பாலும் அந்த மெய்யில் இல்லை. அதற்கு முந்தைய அகரம் முடிகிற இடத்தில், நாக்கு நகரத் தொடங்கும் கணத்தில் இருக்கிறது. அந்தக் கணம் இயல்பான பேச்சிலேயே நொடியில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். ஒன்றரை மடங்கு வேகத்தில் அதிலும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும். கதை கேட்பதற்கு அந்த வேகம் போதும். முதியவர் பேச்சை, அதுவும் வட்டார வழக்கில் பேசுவதை, அப்படிக் கேட்பது சிக்கனமில்லை.

எழுத்து மங்கினால் 'சரியாகக் கேட்கவில்லை' என்றல்லவா தோன்ற வேண்டும்? பேரனுக்கு அப்படித் தோன்றவே இல்லை. தெளிவாகக் கேட்டது போலத்தான் இருந்தது. தவறான கேட்பின் வினோதமே அங்கேதான் இருக்கிறது. காது பாதியைத்தான் கொடுக்கிறது. மீதியை மனம் நிரப்புகிறது. நிரப்பியதும் கேட்டதும் ஒன்றாகவே அனுபவமாகின்றன.

'பால் குடிக்க மாட்டேங்கு' என்ற வாக்கியத்துக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இது விளங்கும். ஆச்சி 'பால் குடி' என்கிற இடத்தில் பேருந்து ஹார்ன் அடித்தது. மிஞ்சியது 'க்க மாட்டேங்கு'. பேரன் கேட்டதோ 'திறக்க மாட்டேங்கு'. ஹார்ன் மறைத்த இடத்தில் 'திற' என்ற ஒலி உண்மையாகவே கேட்டதாக அவன் சத்தியம் செய்வான்.

ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர் 1970-இல் இதைத்தான் காட்டினார். பதிவு செய்த ஒரு வாக்கியத்தில் ஓர் ஒலியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இருமல் சத்தத்தை ஒட்டினார். கேட்டவர்களில் அநேகமாக எல்லோரும் வாக்கியம் முழுமையாக இருந்தது, பின்னணியில் யாரோ இருமினார்கள், அவ்வளவுதான் என்றார்கள். இன்னொரு சோதனை இதைவிடச் சுவையானது. 'ஈல்' என்று முடியும் ஓர் ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலியை மறைத்துவிட்டு, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றினார்கள். கடைசியில் அச்சு என்ற பொருளுள்ள சொல் வந்தபோது கேட்டவர்கள் அதைச் சக்கரம் என்ற பொருளில் 'வீல்' என்று கேட்டார்கள். ஆரஞ்சு வந்தபோது தோல் என்ற பொருளில் 'பீல்'. மேசை வந்தபோது சாப்பாடு என்ற பொருளில் 'மீல்'. ஒலியில் மாற்றமே இல்லை. பின்னால் வந்த சொல் முன்னால் கேட்டதைத் தீர்மானித்தது.

பேரன் மனத்திலோ தீர்மானிக்கும் செய்தி பதிவு தொடங்கும் முன்பே இருந்தது: ஆச்சிக்குக் கண் அறுவை. 'தண்ணியா ஊத்துது' என்பதைக் கன்றின் கழிச்சலுக்கும் சொல்லலாம், கண்ணுக்கும் சொல்லலாம். மருந்தும் டாக்டரும் இரண்டுக்கும் பொதுவானவை. கண் டாக்டர் எங்காவது வீடு தேடி வருவாரா என்ற ஒரு சந்தேகம் எழுந்திருக்கலாம். பதற்றத்தில் அது எழவில்லை. மறுபடி மறுபடி போட்டுக் கேட்டதாலும் பயனில்லை. ஒரு பொருளை மனம் பற்றிக்கொண்ட பிறகு ஒவ்வொரு முறையும் அதுவேதான் இன்னும் தெளிவாகக் கேட்கும். இதற்குக் காது மந்தம் என்று பேரன்மேல் பழி போடுவது நியாயமில்லை. போன வாரம் ஊருக்குப் போய் நிறைசினைப் பசுவைப் பார்த்துவிட்டு வந்த அவன் தங்கை அதே பதிவை அதே இரைச்சலில் கேட்டிருந்தால், 'கன்னு' என்றே கேட்டிருப்பாள்.

அவன் ஆச்சியைத் தொலைபேசியில் அழைத்தான். தொலைபேசி ஒலி தெளிவானது, அதனால் குழப்பம் தீர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் பழைய பாணித் தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே கடத்தும். பல நேரம் குரல் பதிவின் தரம் அதைவிட மேல். அழைப்பிலும் ஆச்சி 'கன்னு' என்றே சொன்னாள். அவனும் 'கண்ணு' என்றே கேட்டான். பேச்சு இப்படிப் போயிற்று:

"ஆச்சி, இப்ப எப்படி இருக்கு?"

"அப்படியேதாம்லே கெடக்கு."

"வலி இருக்கா?"

"வாயில்லாதது, வலியைச் சொல்லவா செய்யும்?"

"மருந்து ஊத்துனியா?"

"ஊத்துனேன். பாதியை வெளிய துப்பிட்டு."

"கண்ணு எப்படி ஆச்சி துப்பும்?"

"கண்ணா? எந்தக் கண்ணுலே? நான் செவலை போட்ட கன்னுக்குட்டியச் சொல்லுதேன்!"

இந்த உரையாடலில் கவனிக்க வேண்டியது, குழப்பம் உடனே தீராததுதான். 'எப்படி இருக்கு' என்ற கேள்விக்குக் கண்ணும் பொருந்தும், கன்றும் பொருந்தும்; இரண்டு பேரும் தத்தம் பொருளிலேயே பேசிக்கொண்டிருக்கலாம். வாயில்லாதது என்றபோதே உடைந்திருக்க வேண்டும்; கண்ணைப் பற்றி ஆச்சி கேலி பேசுகிறாள் என்று அதையும் பேரன் ஏற்றுக்கொண்டான். துப்பியது என்பதைத்தான் எந்தக் கண்ணோடும் பொருத்த முடியவில்லை. அப்போது அவன் தான் புரிந்துகொண்டதை அப்படியே வாய்விட்டுச் சொன்னான். பேரன் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று ஆச்சிக்குத் தெரிந்தது அப்போதுதான். திருத்தியதும் அவள்தான்.

உரையாடலை ஆராய்பவர்கள் இதைச் 'செப்பனிடுதல்' என்ற தலைப்பில் பார்க்கிறார்கள். இமானுவேல் ஷெக்லாஃப், கெய்ல் ஜெஃபர்சன், ஹார்வி சாக்ஸ் ஆகியோர் 1977-இல் எழுதிய கட்டுரை இத்துறைக்கு அடித்தளம். 2015-இல் பன்னிரண்டு மொழிகளில் அன்றாடப் பேச்சை ஆராய்ந்த ஒரு குழு, சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவர் 'என்னது?' என்பது போலக் கேட்டுப் பேச்சை நிறுத்திச் சரிசெய்கிறார் என்று கண்டது. அதாவது சரியாகக் கேட்காததும் திருத்திக்கொள்வதும் பேச்சில் அன்றாட நடப்பு. குரல் பதிவில் அதற்கு இடமில்லாமல் போவதுதான் புதுமை.

செப்பனிடும் கேள்விகளும் ஒரே வகையல்ல. 'என்னது?' என்றால் சொன்னவர் சொன்னதையே மறுபடி சொல்வார். 'கன்னு' மறுபடி 'கண்ணு' என்றே கேட்கும். 'யாருக்கு?' என்றால் ஒரு பகுதி மட்டும் திரும்ப வரும். 'வலது கண்ணையா சொல்ற?' என்று தன் ஊகத்தையே முன்வைக்கும் கேள்விதான் மாறுபட்ட புரிதலை அம்பலப்படுத்தும். பேரன் முதல் வாக்கியத்திலேயே இதைக் கேட்டிருந்தால் அழைப்பு அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். குரல் பதிவுக்குப் பதிலாக 'சரி ஆச்சி, கவனமா இரு' என்று இன்னொரு பதிவை அனுப்பியிருந்தாலோ, இருவரும் ஒத்துப்போனதாகவே நினைத்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

எழுதி அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை என்பது தமிழ் எழுத்தில் எழுதினால்தான் உண்மை. அங்கே ண், ன் இரண்டும் கண்ணுக்கே வேறாகத் தெரியும். வீட்டில் வேறு யாராவது ஆச்சி சொல்லச் சொல்ல ஆங்கில எழுத்தில் kannu என்று தட்டி அனுப்பியிருந்தால், கன்றும் கண்ணும் ஒன்றாகியிருக்கும். அதற்கும் ஓர் அழைப்பு தேவைப்பட்டிருக்கும்.