‘யாருக்கு?’ என்று கேட்ட பெட்டி

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்து என்றொரு நகரம். அங்கே ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் தரைக்கு மரப்பலகை பதிப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு போன் வந்தது. சியாட்டிலில் இருந்து பேசியவர் அந்தக் கணவரிடம் வேலை பார்ப்பவர். வீட்டிலுள்ள அலெக்ஸா கருவிகளின் பிளக்கை உடனே பிடுங்கச் சொன்னார். அவர்கள் வீட்டில் பேசிய பேச்சு ஒலிப்பதிவாகத் தனக்கு வந்திருக்கிறது என்றார். தம்பதி முதலில் நம்பவில்லை. மரத்தரை பற்றித்தானே பேசினீர்கள் என்று அவர் சொன்ன பிறகுதான் விஷயம் உறைத்தது.

2018 மே மாதம் இது செய்தியானபோது, யாரோ கணினித் திருடன் புகுந்துவிட்டான் என்றே பலரும் நினைத்தார்கள். அமேசான் நிறுவனம் தந்த விளக்கத்தில் திருடன் யாரும் இல்லை. பேச்சுக்கு நடுவே ‘அலெக்ஸா’ போல ஒலித்த ஏதோ ஒரு சொல்லைக் கேட்டு எக்கோ ஸ்பீக்கர் விழித்துக்கொண்டது. அடுத்து வந்த பேச்சு, ‘மெசேஜ் அனுப்பு’ என்பதாக அதன் காதில் விழுந்தது. ‘யாருக்கு?’ என்று அது வாய்விட்டே கேட்டது. அறையில் ஓடிக்கொண்டிருந்த பேச்சில், தொடர்புப் பட்டியலில் இருந்த ஒரு பெயர் அதற்குக் கேட்டது. ‘இன்னாருக்குத்தானே, சரியா?’ என்று மறுபடி கேட்டது. அதற்கும் ‘சரி’ என்று பதில் கிடைத்ததாக எடுத்துக்கொண்டது. பதிவு போய்விட்டது. பெட்டி எதையும் கேட்டதாகத் தன் காதில் விழவே இல்லை என்றார் அந்த வீட்டுப் பெண்மணி.

நான்கு முறை தவறாகக் கேட்டிருக்கிறது. அதுவும் அடுத்தடுத்து. இப்படி நடப்பது அரிதிலும் அரிது என்றது நிறுவனம். அரிதுதான், ஆனால் நினைக்கும் அளவுக்கு அரிதல்ல. ஏன் என்று புரிந்துகொள்ள, பெட்டி எப்படிக் கேட்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஸ்மார்ட் ஸ்பீக்கருக்குள் ஒரு சின்ன மென்பொருள் ஓயாமல் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று: தன்னைக் கூப்பிடும் சொல் வந்ததா இல்லையா என்று பார்ப்பது. அதற்கு மொழி தெரியாது, பொருள் தெரியாது. ஒலியின் சாயல் போதுமான அளவு ஒத்துப்போனால் விளக்கு எரியும். அதன்பின் வரும் பேச்சு இணையம் வழியாகப் பெரிய கணினிகளுக்குப் போகும். சாயல் எவ்வளவு ஒத்துப்போக வேண்டும் என்ற கோட்டை மிக உயரத்தில் போட்டால், சமையலறையிலிருந்து கூப்பிடும் பாட்டிக்கு அது பதில் சொல்லாது. தாழ்வாகப் போட்டால் டிவிக்கெல்லாம் பதில் சொல்லும். விற்பவர்களுக்கு முதல் குறைதான் பெரிய குறை, ஏனென்றால் கூப்பிட்டும் திரும்பாத பெட்டியை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் கோடு சற்றுத் தாழ்வாகவே இருக்கும். அனுப்பிய ஒலியைப் பெரிய கணினிகள் இன்னொரு முறை சரிபார்ப்பதும் உண்டு. அந்தச் சல்லடையிலும் சில நழுவிவிடும்.

எந்தெந்தச் சொற்களுக்குப் பெட்டி ஏமாறுகிறது என்று ஜெர்மனியில், போகும் நகரத்து ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் தேடிப் பார்த்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களும் சொற்றொடர்களும் அகப்பட்டன. ‘எலக்‌ஷன்’, ‘அன்அக்செப்டபிள்’, ‘எ லெட்டர்’ ஆகியவற்றுக்கு அலெக்ஸா திரும்பியது. ‘ஓகே கூல்’ என்றால் கூகுள் கருவி விழித்தது. ‘எ சிட்டி’ என்பது சிரிக்குத் தன் பெயராகக் கேட்டது. தேர்தல் நேரத்துச் செய்தி ஓடும் வீட்டில் அலெக்ஸாவின் பாடு என்ன என்று யோசித்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

விழிப்பது ஒரு தவறு. அந்தத் தவறுக்குப் பின் கையில் கிடைக்கும் ‘கோரிக்கை’யை என்ன செய்வது என்பதுதான் சிக்கலான பகுதி. மனிதர் உண்மையிலேயே கூப்பிட்டால் பெயரைச் சொல்லி, சற்று நிறுத்தி, முழு வாக்கியமாகச் சொல்வார். தவறி விழித்த பெட்டியோ ஒரு பேச்சின் நடுவில் வந்து விழுகிறது. முன்னால் சொன்னது தெரியாது. பின்னால் எங்கே முடிகிறது என்பதும் தெரியாது. பேச்சில் இடைவெளி விழுந்தால் முடிந்தது என்று எண்ணி அங்கே வெட்டிக்கொள்ளும். டிவி ஓடினால் இடைவெளியே கிடைக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே கிடைப்பது தலையில்லாத, வாலில்லாத ஒரு துண்டு.

தமிழ் வீடுகளில் இதற்குத் தனிச் சுவை உண்டு. இந்தியாவில் அலெக்ஸாவைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ அமைத்துக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் அமைத்த பெட்டி தவறி விழித்துத் தமிழைக் கேட்டால், ‘இது எனக்குத் தெரியாத மொழி’ என்று ஒதுங்காது. கேட்ட ஒலிக்கு மிக நெருக்கமான ஆங்கிலச் சொற்களைத் தன் கையிருப்பிலிருந்து பொறுக்கி அடுக்கும். பதிவைத் திறந்து பார்த்தால் யாரும் சொல்லாத விசித்திரமான ஆங்கிலம் கிடைப்பது இதனால்தான். நம் தமிழோ லைட், ஃபேன், போன், மெசேஜ், ஆஃப் என்று ஆங்கிலச் சொல் தூவிய தமிழ். ‘அந்த லைட்டை ஆஃப் பண்ணிட்டு வாடா’ என்று அம்மா மகனிடம் சொல்லும்போது பெட்டி விழித்திருந்தால், நடுவில் இருக்கும் இரண்டு சொற்களே அதற்கு ஒரு முழுக் கட்டளை. மகன் எழுந்திருக்கும் முன் விளக்கு அணைந்துவிடும். வீடே சிரிக்கும், மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

‘அண்ணனுக்கு மெசேஜ் போட்டியா?’ என்ற கேள்வியிலிருந்தும் அதேபோல ஒரு துண்டு உருவாகலாம். அது வீட்டை விட்டு வெளியே போய்விட்டால் திரும்பி வராது.

போர்ட்லாந்துக் கதையில் பெட்டி அவசரப்படவில்லை, இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டது என்று அதற்காக வாதாடலாம். ஆனால் யாரிடம் கேட்டது? தன்னிடம் யாரும் பேசவில்லை என்பதை அறியாமல், பேசாதவர்களிடம் கேட்டது. கோரிக்கை எந்த இரைச்சலிலிருந்து பிறந்ததோ, பதிலும் அதே இரைச்சலிலிருந்து வந்தது. அதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. ‘யாருக்கு?’ என்று கேட்ட பிறகு பெட்டி உலகத்துச் சொற்களையெல்லாம் எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. பட்டியலில் உள்ள பெயர்களில் ஒன்றைத்தான் தேடுகிறது. பட்டியலில் நூறு பெயர் இருந்தால், எந்தப் பேச்சிலும் அவற்றில் ஒன்றின் சாயல் அகப்படும். ‘சரியா?’ என்று கேட்டபின் எதிர்பார்ப்பு இன்னும் சுருங்கி ஆமாம், இல்லை என்ற இரண்டுக்குள் வந்துவிடுகிறது. இரண்டு பேர் பேசும் அறையில் ‘ரைட்’ என்ற ஆங்கிலச் சொல் விழுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான்கு பூட்டு போட்ட கதவு போலத் தெரிந்தாலும், முதல் பூட்டு திறந்ததுமே மற்ற மூன்றும் தளர்ந்துவிட்டன.

அப்படியானால் அரைகுறைக் கோரிக்கையைப் பெட்டி எப்படி நடத்த வேண்டும்? ‘இவர் என்ன சொல்ல வந்தார்’ என்று ஊகிப்பதற்கு முன்னால், ‘இவர் என்னிடம்தான் பேசினாரா’ என்று பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு கேள்விகள். இரண்டாவதற்கு விடை தேடும் நுட்பங்கள் ஏற்கெனவே உள்ளன. கருவியிடம் பேசும்போது மனிதக் குரல் சற்று நிறுத்தி, தெளிவாக வரும். சக மனிதரிடம் பேசும்போது குழையும், மேலே ஏறும், பாதியில் விட்டுவிடும். இன்னொரு தடயம், பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளின் தடுமாற்றம். தெளிவான கட்டளைக்கு அதனிடம் ஒரே ஒரு விடை ஓங்கி நிற்கும். இரைச்சலுக்கோ ஏறக்குறைய சம பலத்தில் பல விடைகள் முட்டிமோதும். கடைசியில் எழுத்தாக வந்து நிற்கும் ஒற்றை வரியில் அந்தத் தடுமாற்றத்தின் சுவடே இருக்காது. கிறுக்கலைப் பார்த்து யாரோ அழகாகப் படியெடுத்துக் கொடுத்த மாதிரி. அந்த வரியை மட்டும் வைத்து முடிவெடுப்பவர், மனிதரானாலும் மென்பொருளானாலும், ஏமாறத்தான் செய்வார்.

சந்தேகம் இருக்கும்போது, தவறினால் திருப்பிக்கொள்ள முடியுமா என்பதே அடுத்த அளவுகோல். விளக்கு, பாட்டு, மழை வருமா என்ற கேள்வி ஆகியவற்றில் துணிந்து ஊகிக்கலாம். செய்தி அனுப்புவது, பொருள் வாங்குவது, கதவுப் பூட்டைத் திறப்பது என்றால் ஊகத்துக்கு இடமில்லை. அங்கே வெறும் ‘சரியா?’ என்று கேட்பதும் போதாது. இரைச்சலால் தற்செயலாகச் சொல்லிவிட முடியாத ஒன்றைக் கேட்க வேண்டும். குரல்வழி வாங்குவதற்கு அலெக்ஸாவில் வைத்துக்கொள்ளக்கூடிய நான்கு இலக்க எண் அத்தகையது. டிவி பேச்சில் ‘ரைட்’ வரும். உங்கள் வீட்டு எண் வரிசையாக வருவது கடினம். பதிலே வராவிட்டால் மறுபடி நச்சரிக்காமல் அடங்கிவிட வேண்டும். மௌனமும் ஒரு தடயம்தானே.

இன்னொரு வழி, கட்டளையின் சொற்களையே மாற்றுவது. 2018 மார்ச்சில் பலர் வீட்டில் அலெக்ஸா திடீரென்று தானாகச் சிரித்து, இரவில் தனியாக இருந்தவர்களைக் கலங்கடித்தது. ‘அலெக்ஸா, லாஃப்’ என்ற மிகச் சிறிய கட்டளை வேறு ஒலிகளில் எளிதாகக் கேட்டுவிடுகிறது என்று கண்டறிந்த அமேசான், அந்தக் குறுங்கட்டளையையே நீக்கியது. ‘அலெக்ஸா, கேன் யூ லாஃப்?’ என்று முழுதாகக் கேட்க வேண்டும் என்றாக்கியது. சிரிப்பதற்கு முன் ‘சரி, சிரிக்கிறேன்’ என்று சொல்லவும் வைத்தது. நீளமான சொற்றொடர் தற்செயலாக உருவாவது அரிது என்ற எளிய கணக்குத்தான்.

வீட்டுக்காரர் செய்யக்கூடியதும் உண்டு. அலெக்ஸா செயலியில் குரல் பதிவுகளின் வரலாறு இருக்கிறது. சில வரிகளில் எழுத்துக்குப் பதிலாக `Audio was not intended for Alexa` என்று போட்டிருக்கும். விழித்த பிறகு இது தனக்கல்ல என்று அது உணர்ந்து விலகிய தருணங்கள் அவை. ஒலியை ஓடவிட்டுக் கேட்டால் எந்தச் சொல் எழுப்பியது என்று தெரிந்துவிடும். வீட்டில் அலெக்ஸ் என்று ஒரு பிள்ளை இருந்தால் கூப்பிடும் சொல்லை ‘எக்கோ’ என்றோ ‘கம்ப்யூட்டர்’ என்றோ மாற்றிக்கொள்ளலாம். கூகுள் கருவியில் எவ்வளவு எளிதாக விழிக்க வேண்டும் என்பதைச் செயலியிலேயே கூட்டிக் குறைக்கலாம். தெரிந்தவரிடமிருந்து விளங்காத குரல்பதிவு வந்தால், சியாட்டில்காரரைப் போல உடனே கூப்பிட்டுச் சொல்லிவிடுவது உதவி.

போர்ட்லாந்துத் தம்பதி வீடு முழுக்க இருந்த கருவிகளைக் கழற்றி வைத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். செய்தி அனுப்பும் வசதியை மட்டும் நிறுத்தித் தருகிறோம், விளக்கு போடுவது போன்றவற்றுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம் என்று முன்வந்தது நிறுவனம்.