களிம்பை நிறுத்தினால் எரியும் தோல்

முழங்கை மடிப்பில் எக்ஸிமா. ஒருவர் குளோபெட்டசாலை மருந்துக்கடையில் தானே வாங்கி, மாதக்கணக்கில் தினமும் தடவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீரியம் மிகுந்த இந்த ஸ்டீராய்டு களிம்பைத் தொடர்ந்து பூச அனுமதிக்கப்பட்ட காலம் பொதுவாக 2 வாரம்தான். அரிப்பு போய்விட்டதென அவர் திடீரென நிறுத்துகிறார். சில நாட்களில் தோல் தீப்பட்டதுபோல் சிவக்கிறது.

ஸ்டீராய்டு தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைத்திருந்தது. அந்தப் பிடி விலகியதும் அவை அகல விரிகின்றன.

எக்ஸிமாவே திரும்பிவிட்டதென நினைத்து மீண்டும் களிம்பை எடுப்பதுதான் பெரிய ஆபத்து. இரண்டையும் பிரித்தறிவது மருத்துவருக்கே எளிதல்ல. சில அடையாளங்கள் உண்டு. அரிப்பைவிட எரிச்சல் மேலோங்கும். எக்ஸிமா இல்லாத இடத்துக்கும் சிவப்பு பரவும். கையில் அது மணிக்கட்டோடு சட்டைக்கை போல நின்று, உள்ளங்கை தப்பிவிடும்.

பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-இல் இதுகுறித்து எச்சரித்தது. குறுகிய காலம், சரியான அளவில் பூசுவோர் அஞ்சத் தேவையில்லை. மாதக்கணக்கில் பூசியவர்கள் நிறுத்தும் முன்பே தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீரியத்தைப் படிப்படியாகக் குறைப்பதா, டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்புக்கு மாறுவதா என்பதை அவர் முடிவுசெய்வார். சிவப்பு அடங்க வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.