பார்ட்னர்ஷிப் பிசினஸ்: முதல் போட்டவருக்கு வட்டி, உழைப்பவருக்குச் சம்பளம்... லாபத்தைப் பிரிப்பது எப்படி?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு சிஎன்சி ஜாப் ஒர்க் யூனிட். இரண்டு நண்பர்கள் பார்ட்னர்கள். ஆவடிக்காரர் 20 லட்சம் ரூபாய் முதல் போட்டிருக்கிறார். பூந்தமல்லிக்காரர் போட்டது 5 லட்சம்தான். ஆனால், காலையில் ஷட்டரைத் திறப்பதில் இருந்து ராத்திரி டெலிவரி சலான் போடுவது வரை எல்லாம் அவர்தான். ஆண்டு முடிவில் 12 லட்சம் லாபம். யாருக்கு எவ்வளவு?

“பணம் என்னோடதுதானே?” என்பார் ஒருவர். “நான் இல்லன்னா மெஷின் ஓடுமா?” என்பார் இன்னொருவர். இது ஒரு கற்பனைக் கணக்குதான். ஆனால் அம்பத்தூரில் இருந்து பூந்தமல்லி வரை இப்படி ஜோடி சேர்ந்து தொழில் நடத்துபவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதாக இருக்காது.

ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால்?

இருவரும் இது பற்றி எதுவும் பேசி வைக்கவில்லை என்றால், 1932-ம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் முடிவு செய்யும். அதன் 13-வது பிரிவு சொல்வது இதுதான்: லாபமும் நஷ்டமும் சரிபாதி. முதலுக்கு வட்டி கிடையாது. உழைப்புக்குச் சம்பளமும் கிடையாது.

‘நாலு பங்கு முதல் போட்டவருக்கு நாலு பங்கு லாபம்’ என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முதல் 20:5 என்றாலும் லாபம் 1:1 தான்.

இதில் இருவருக்குமே மனக்குறை. போதாததற்கு வரியும் கூடுதல். கூட்டாண்மை நிறுவனத்துக்கு வருமான வரி 30 சதவீதம்; 4 சதவீத செஸ் சேர்த்தால் 31.2 சதவீதம். 12 லட்சத்துக்கு ரூ.3,74,400 வரி போக, மீதியில் ஆளுக்கு ரூ.4,12,800 கிடைக்கும்.

எழுதி வைத்தால்?

இப்போது ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைச் சேர்ப்போம். முதலுக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. ஷெட்டில் நின்று வேலை பார்க்கும் பூந்தமல்லிக்காரருக்கு மாதம் ரூ.40,000 சம்பளம். மிச்ச லாபம் சரிபாதி.

வட்டியாக ஆவடிக்காரருக்கு ரூ.2,40,000, பூந்தமல்லிக்காரருக்கு ரூ.60,000. சம்பளம் ரூ.4,80,000. இவை போக மீதி ரூ.4,20,000. நிறுவனம் வரி கட்டுவது இந்தத் தொகைக்கு மட்டும்தான்: ரூ.1,31,040. எஞ்சியதைப் பாதியாகப் பிரித்தால் ஆளுக்கு ரூ.1,44,480.

மொத்தமாக ஆவடிக்காரருக்கு ரூ.3,84,480, பூந்தமல்லிக்காரருக்கு ரூ.6,84,480. முன்பைவிட ஆவடிக்காரருக்கு ரூ.28,320 குறைவு. உழைப்பவருக்கு ரூ.2,71,680 கூடுதல். நிறுவனத்தின் வரியில் மட்டும் ரூ.2,43,360 மிச்சம். அதாவது, உழைப்பவருக்குப் போன கூடுதல் பணத்தில் பெரும்பகுதி நண்பரின் பையில் இருந்து வரவில்லை, வரியில் மிச்சமானது.

ஆனால் வட்டியும் சம்பளமும் வாங்குபவரின் தொழில் வருமானமாகக் கணக்கில் சேரும். அதற்கு அவரவர் வரி கட்ட வேண்டும். லாபப் பங்குக்கு நிறுவனமே வரி கட்டிவிடுவதால், பார்ட்னர் கையில் மறுபடி வரி இல்லை.

வருமானவரித் துறை போடும் கோடு

சம்பளத்தை இஷ்டத்துக்கு உயர்த்தி வரியைக் குறைக்க முடியாது. 1961-ம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 40(பி) பிரிவு எல்லை வகுத்தது. வட்டி 12 சதவீதத்துக்கு மேல் போனால், கூடுதலாகக் கொடுத்தது செலவாக ஏற்கப்படாது. சம்பளம் நேரடியாக வேலை பார்க்கும் பார்ட்னருக்கு மட்டுமே. முதல் போட்டுவிட்டு வீட்டில் இருப்பவருக்குச் சம்பளம் என்று எழுதினால் வரிக் கணக்கில் நிற்காது.

2024-25 நிதியாண்டு முதல் அமலான அளவு இது: வட்டி கழித்த பிறகுள்ள லாபத்தில் முதல் 6 லட்சத்துக்கு 90 சதவீதம் அல்லது 3 லட்சம், இதில் எது அதிகமோ அது, அதற்கு மேல் உள்ளதில் 60 சதவீதம். நம் உதாரணத்தில் வட்டி போக லாபம் 9 லட்சம். எனவே ரூ.7,20,000 வரை சம்பளம் காட்டலாம். ரூ.4,80,000 அதற்குள் அடங்கிவிடுகிறது.

பலர் சறுக்குவது எழுத்தில்தான். ‘பார்ட்னர்கள் அவ்வப்போது பேசி முடிவு செய்யும் சம்பளம்’ என்று மட்டும் ஒப்பந்தத்தில் இருந்தால் போதாது. தொகையோ, அதைக் கணக்கிடும் முறையோ ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 1996-லேயே சுற்றறிக்கை வெளியிட்டது. மார்ச் மாதம் திருத்த ஒப்பந்தம் எழுதிவிட்டு, முந்தைய ஏப்ரலில் இருந்து சம்பளம் என்று காட்டவும் முடியாது.

2025 ஏப்ரல் 1 முதல் இன்னொரு வேலையும் சேர்ந்தது. ஒரு பார்ட்னருக்கான வட்டி, சம்பளம் முதலியவை ஆண்டுக்கு ரூ.20,000-ஐத் தாண்டினால் நிறுவனம் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். காசாகக் கொடுக்காமல் பார்ட்னரின் கணக்கில் வரவு வைத்தாலும் இது பொருந்தும்.

லாபம் குறைந்தால்தான் பரீட்சை

அடுத்த ஆண்டு ஆர்டர் படுத்துவிட்டது. லாபம் 2 லட்சம்தான் என்று வைப்போம். வட்டி, சம்பளம் மட்டும் சேர்ந்தே 7.8 லட்சம். என்ன செய்வது?

‘லாபம் இருந்தால் மட்டும்’ என்று ஒப்பந்தத்தில் இருந்தால், இருக்கும் 2 லட்சத்தை அவரவருக்கு வரவேண்டிய விகிதத்தில் பிரிப்பது கணக்கியல் வழக்கம். ஆவடிக்காரரின் வட்டி 2.4 லட்சம், பூந்தமல்லிக்காரரின் வட்டி, சம்பளம் 5.4 லட்சம். அந்த விகிதப்படி ஒருவருக்கு ரூ.61,538, மற்றவருக்கு ரூ.1,38,462. அத்துடன் கணக்கு முடிந்தது.

‘லாபம் வந்தாலும் வராவிட்டாலும்’ என்று இருந்தால் கதையே வேறு. 7.8 லட்சமும் செலவாகப் பதிவாகும். நிறுவனத்துக்கு ரூ.5,80,000 நஷ்டம், ஆளுக்கு ரூ.2,90,000. ஆவடிக்காரருக்கு வட்டியாக வரவு ரூ.2,40,000, நஷ்டத்தில் பற்று ரூ.2,90,000. ஆக, அவருடைய முதலில் இருந்தே ரூ.50,000 கரைகிறது. பூந்தமல்லிக்காரருக்கோ ரூ.2,50,000 மிஞ்சும்.

அதே ஷெட், அதே 2 லட்சம். ஒப்பந்தத்தின் ஒரு வரி இருவருக்கும் ரூ.1,11,538 வித்தியாசம் போடுகிறது. ஒப்பந்தம் எதுவும் சொல்லாதபோது, முதலுக்கான வட்டியை லாபத்தில் இருந்து மட்டுமே தர வேண்டும் என்கிறது சட்டம்.

நடுவில் போட்ட பணம் முதலா, கடனா?

அக்டோபர் 1-ல் மெஷின் பழுது. ஆவடிக்காரர் அவசரமாக 4 லட்சம் தருகிறார். அது முதல் என்றால், மார்ச் வரை ஆறு மாதத்துக்கு 12 சதவீதப்படி ரூ.24,000 வட்டி. ஆனால் லாபம் இருந்தால்தான். முதலுக்கு மேல் கொடுத்த கடன் என்றால், ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் சட்டப்படி ஆண்டுக்கு 6 சதவீதம், அதாவது ரூ.12,000. இது நஷ்ட ஆண்டிலும் உண்டு. பணம் வந்த அன்றே இரண்டில் எது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், பின்னால் “நான் கடனாத்தான் கொடுத்தேன்” என்ற பேச்சுக்கு இடமில்லை.

நிறுவனத்தைப் பதிவு செய்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவாகாத நிறுவனம் தொடர்ந்து நடக்கும்போது, ‘ஒப்பந்தப்படி என் சம்பளத்தைக் கொடு’ என்று ஒரு பார்ட்னர் இன்னொருவர் மீது வழக்குப் போட 69-வது பிரிவு தடை போடுகிறது. எழுதிய மூன்று வரிகளும் அப்போது காகிதத்தோடு நின்றுவிடும்.