குப்பைக்குக் கணக்கு உண்டு, கூட்டுபவருக்கு?

ஐயங்கார்குளத்தில் காலையில் தெருக் கூட்டும் தூய்மைக் காவலர் ஒருவரிடம், “உங்களுக்கு வேலை கொடுப்பது யார்க்கா?” என்று கேட்டோம். “பஞ்சாயத்துதான், வேற யாரு?” என்றார். அவருக்குக் கிடைப்பது சம்பளம்கூட அல்ல, மதிப்பூதியம். ஆனாலும் குறையைச் சொல்ல அவருக்கு ஓர் இடம் தெரிந்திருக்கிறது. சென்னையில் அந்த இடமே மாறிக்கொண்டிருக்கிறது.

அரசுப் பணியைத் தனியாரிடம் கொடு, இலக்கு வை, அளந்து பார்த்துப் பணம் கொடு என்பது 1980-களில் பிரிட்டன் போன்ற நாடுகளில் வேரூன்றிய நிர்வாக முறை. 1991-இல் கிறிஸ்டோபர் ஹூட் என்ற அறிஞர் இதைப் ‘புதிய பொது மேலாண்மை’ என்ற பெயரில் விளக்கி எழுதினார். செலவு குறையும், வேலை வேகமாக நடக்கும் என்பது இதன் வாக்குறுதி.

சென்னையில் 2000-இல் சில மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலை ஓனிக்ஸ் நிறுவனத்திடம் போனது. டன் கணக்கில் பணம். எடைக்குப் பணம் என்றால் எடையைக் கூட்டத்தான் தோன்றும்; கட்டட இடிபாடும் குப்பையோடு எடை போடப்படுவதாகப் புகார் எழுந்தது. குப்பையைக் குறைப்பதிலோ தரம் பிரிப்பதிலோ நிறுவனத்துக்கு லாபமில்லை. எனவே 2020 ஒப்பந்தத்தில் எடைக்குப் பதிலாகச் செயல்திறன் குறியீடுகள் வந்தன. வீடுவீடாகச் சேகரித்தல், தரம் பிரித்தல் போன்றவற்றை அளந்து பணம் தருவது இம்முறை.

தெருவைப் பொறுத்தவரை இது முன்னேற்றம்தான். ஆனால் அளவுகோல் தெருவைப் பார்க்கிறது, துடைப்பம் பிடித்த கையைப் பார்ப்பதில்லை. இலக்கு தவறினால் நிறுவனத்துக்குப் பிடித்தம். அந்த அழுத்தம் கடைசியில் இறங்குவது தொழிலாளி மேல்தான்.

2025 ஆகஸ்டில் இதைக் கண்ணெதிரே பார்த்தோம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்கு விட்டதை எதிர்த்து, ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் அமர்ந்திருந்தார்கள். மாதம் சுமார் 23 ஆயிரம் பெற்ற தங்களுக்கு, நிறுவனத்தில் 17 ஆயிரத்துக்கும் குறைவாகத்தான் கிடைக்கும் என்றார்கள். வருங்கால வைப்பு நிதி, காப்பீடு உண்டு என்றது நிர்வாகம். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினர்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் கூலி தராமல் விட்டால், வேலை கொடுத்த அமைப்பே தர வேண்டும் என்று 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. ஆனால் முதலாளியே மாறி, கூலியும் குறைந்துவிட்டால் அது ‘பாக்கி’ ஆகாது. கேட்கப் போனால் நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டும், மாநகராட்சி நிறுவனத்தைக் காட்டும்.

இந்த வேலையில் பெரும்பாலோர் நம் மக்கள். சாதிதான் நம் கையில் துடைப்பத்தைத் திணித்தது. அது நிரந்தர அரசு வேலையாக இருந்தவரை, பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போக அந்தச் சம்பளம் ஏணியாக இருந்தது. ஒப்பந்தத்தில் வேலை அதே வேலை, ஆளும் அதே ஆள். ஏணி மட்டும் இல்லை. நிறுவனத்தின் வேலையில் இடஒதுக்கீடும் கிடையாது.

நகரத்தில் வந்தது நாளை ஊராட்சிக்கும் வரலாம். வந்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் ஒப்பந்த நகலைக் கேளுங்கள், மாணவர்களே. எதற்கெல்லாம் நிறுவனத்துக்குப் பிடித்தம் என்ற பட்டியலைப் பாருங்கள். குப்பைத் தொட்டி நிரம்பி வழிவது அதில் இருக்கும். கூலி தாமதமாவதும் கையுறை தராததும் இருக்கிறதா என்று தேடுங்கள்.