மஞ்சள் நீர் குடித்த பிள்ளை

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் பெருமுக்கல். மலைமேல் முக்தியாசலேஸ்வரர் கோயில், கீழே மல்லாட்டையும் நெல்லும் போடுகிற நிலம். இந்தப் பக்கத்தில் பிள்ளையில்லாத வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் அது நேராக நிலத்தில்தான் போய் முடியும். "கொள்ளி போட ஆள் வேணும்" என்பார்கள். கொல்லை யாருக்குப் போகும் என்ற கேள்வியும் அதற்குள்ளேயே இருக்கும்.

பேச வசதியாக ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அடிவாரத்தில் ஆறு காணி நிலம். பாகம் பிரிந்து தனியாக இருக்கிற ஒருவர், பிள்ளை இல்லாமல் இறந்துபோகிறார். வீட்டில் இருப்பது அவருடைய மனைவியும் வயதான தாயும். ஆறு வருஷம் கழித்து அந்த மனைவி தன் அண்ணன் மகனைத் தத்தெடுக்கிறார். இதையே 1930இல் நடந்ததாக ஒருமுறையும் 1990இல் நடந்ததாக ஒருமுறையும் பார்த்தால் வித்தியாசம் விளங்கும்.

1930இல் நிலம் மனைவிக்குத்தான் வரும், தாய்க்குச் சோறு மட்டும். மனைவிக்கு வந்ததும் முழு உரிமை இல்லை, இருக்கும்வரை அனுபவிக்கலாம், அவ்வளவே. தத்தெடுப்பதும் தன் இஷ்டத்துக்கு நடக்காது. கணவர் அனுமதி கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் அவருடைய பங்காளிகள் சம்மதிக்க வேண்டும். பங்காளிகள் சம்மதித்தாலே போதும் என்பது தமிழ்நாட்டுக்கு நிலைத்தது ஒரு ராமநாதபுரம் வழக்கில்தான். சேதுபதி வாரிசைப் பற்றிய அந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1868இல் முடிந்தது.

சம்மதம் கிடைத்து, 1936இல் பையனுக்கு மஞ்சள் நீர் குடிக்கக் கொடுத்து மடியில் வாங்கிக்கொண்டார் என்று வையுங்கள். மஞ்சணீர் குடித்தல் என்றாலே தத்துப் போவது என்று பொருள் கொண்ட மொழி நம்முடையது. அந்த நிமிஷத்தில் என்ன ஆகும்? ஆறு காணியும் பையனுக்குப் போய்விடும். 1930இல் அப்பா இறந்தபோதே அவன் இருந்ததாகச் சட்டம் கணக்குப் போடும். எடுத்த தாய்க்கு மிஞ்சுவது ஜீவனாம்சம். பையன் சிறுவன் என்பதால் உடனே யாரும் விரட்டமாட்டார்கள். அவனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்த பிறகுதான் தன் கை வெறுங்கை என்பது அந்த அம்மாவுக்கு உறைக்கும்.

விவரம் தெரிந்தவர்கள் அதனால் முன்கூட்டியே ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். பையனைப் பெற்றவரிடம், "நான் இருக்கும்வரை நிலம் என் அனுபவத்தில் இருக்கும்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பிள்ளையை எடுப்பது. விதவைக்கு ஆயுள் அனுபவம் தருகிற அளவுக்கு அது செல்லும் என்று, சென்னை மாகாணத்திலிருந்து போன ஒரு வழக்கில், 1927இல் பிரிவி கவுன்சில் ஏற்றுக்கொண்டது. பிள்ளையை எடுக்கப் போகிறவள் பிள்ளையிடமிருந்தே தனக்குக் காப்பு எழுதிக்கொள்ள வேண்டியிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஒரு மாதிரி இருக்கிறது.

இப்போது அதே வீடு, ஆனால் 1990. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்று காணி, தாய்க்கு மூன்று காணி, இரண்டும் முழு உரிமையோடு. 1996இல் மனைவி தத்தெடுக்கிறார். 1956 தத்துச் சட்டத்துக்குப் பிறகு பங்காளி யாரையும் கேட்க வேண்டியதில்லை. எடுக்கப்படுவது மகளாகவும் இருக்கலாம். அப்படி வந்த பிள்ளை இறந்துபோன கணவருக்கும் பிள்ளையே என்று 1967இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் எடுத்த தாயின் மூன்று காணியையோ பாட்டியின் மூன்று காணியையோ அவன் தொட முடியாது. தத்துக்கு முன் ஒருவருக்குச் சேர்ந்துவிட்ட சொத்தைத் தத்துப்பிள்ளை பறிக்கக்கூடாது என்று அந்தத் தத்துச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. எடுத்த தாய் தன் பங்கை விற்கலாம், வேறொருவருக்கு உயிலும் எழுதலாம். "எடுத்து வளர்த்தாயே, எழுதி வைக்காமல் போகலாமா" என்று ஊர் கேட்கும், சட்டம் கேட்காது. உயில் இல்லாமல் அவர் கண்ணை மூடினால் மூன்று காணியும் அவனுக்கு, வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு எப்படியோ அப்படி.

ஓர் எச்சரிக்கை: நான் சொன்னது பாகம் பிரிந்த வீடு. அண்ணன் தம்பி பிரியாமல் கூட்டாக இருந்தால் கதை வேறு. அங்கே தத்துப்பிள்ளை ஒரு பங்காளியாக உள்ளே வருகிறான், அது யாரிடமிருந்தும் பறிப்பது ஆகாது என்று தீர்ப்புகள் இருக்கின்றன.

பெற்ற வீட்டுப் பக்கம் வருவோம். அந்த அண்ணனுக்கு இரண்டு மகன்கள், நான்கு காணி பூர்வீகம் என்று வையுங்கள். அத்தை வீட்டுக்குப் போனவனுக்கு இங்கே பங்கு உண்டா? "பொறந்த வீட்டு ரத்தம் போயிடுமா" என்பார்கள். போய்விடும். தத்தான தேதியிலிருந்து பெற்ற குடும்பத்து உறவு அறுந்து புது வீட்டு உறவு அந்த இடத்துக்கு வருகிறது. முன்பே அவனுக்குச் சேர்ந்துவிட்டது மட்டும் அவனோடு போகும். தத்துக்கு முன் பாகப்பத்திரம் பதிவாகி அவன் பங்கு அவன் பேரில் வந்திருந்தால் அது அவனுடையது. பாகமே ஆகவில்லை, பிறப்பால் வந்த பங்குரிமை மட்டும் இருந்தது என்றால்? அதுவும் சேர்ந்த சொத்துதான் என்று பழைய ஆந்திரத் தீர்ப்பு ஒன்று இருந்தது. 2023இல் தெலங்கானா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை மாற்றி, பாகம் பிரியாத பங்கு தத்தோடு அற்றுப்போய்விடும் என்றது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பிள்ளையைக் கொடுக்கப் போகிறவர், அவனுக்கு ஏதாவது தர நினைத்தால் முதலில் பத்திரத்தை முடித்துவிட்டு அப்புறம் பிள்ளையைக் கொடுப்பது நல்லது. பிந்திக் கொடுப்பதானால் தானமோ உயிலோ எழுதித்தான் ஆக வேண்டும்.

இத்தனைக்கும் அடிப்படை, தத்து நடந்தது என்று நிரூபிப்பது. பல வழக்குகள் தோற்பது இங்கேதான். வளர்த்தது வேறு, தத்தெடுத்தது வேறு. பள்ளிச் சான்றிதழிலும் ரேஷன் கார்டிலும் வளர்த்தவர் பேர் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கில் ஒரு பெண்ணுக்கு அப்படிச் சான்றுகள் இருந்தன. உறவினர் வீட்டில் மகளாகவே வளர்ந்தவர் அவர். ஆனால் கொடுத்து வாங்கியதற்குச் சாட்சி இல்லை, வளர்த்தவரின் மனைவி சம்மதித்ததற்கும் ஆதாரம் இல்லை. அவர் தோற்றார்.

ஆக, தத்துப் பத்திரத்தில் கொடுப்பவர் கையெழுத்தும் வாங்குபவர் கையெழுத்தும் இரண்டும் இருந்து, அது பதிவாகியும் இருக்க வேண்டும். இருந்தால் தத்து முறைப்படி நடந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். எடுப்பவர் கையெழுத்து மட்டும் போட்டு, பெற்றவர் "சாட்சி" என்ற இடத்தில் போட்ட பத்திரங்களைப் பார்த்திருக்கிறேன். பெற்றவர் சாட்சி அல்ல, அவர்தான் கொடுக்கிறவர். ஹோமம் வளர்த்தார்களா என்று யாரும் கேட்கப்போவதில்லை. பையனுக்கு அன்று பதினைந்து நிரம்பிவிட்டதா என்று கேட்பார்கள். நிரம்பியிருந்தால், வழக்காறு காட்டினால் ஒழிய, தத்து செல்லாது.

பங்காளி, உறவு என்று இல்லாமல் குழந்தைகள் இல்லத்திலிருந்து எடுக்கும் பிள்ளைக்கு வழி வேறு. 2022 செப்டம்பரிலிருந்து அங்கே தத்து உத்தரவைப் போடுவது மாவட்ட ஆட்சியர், மதம் எதுவானாலும். அந்தப் பிள்ளைக்கும் வாரிசுரிமை அதே அளவுதான்.

அத்தை வீட்டுக்குப் போன நம் பையனுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. இனி பெற்ற அப்பா அவனுக்கு மாமன். அப்படியானால் கூடப்பிறந்த தங்கை ஒருத்தி இருந்தால் அவள் மாமன் மகள், முறைப்பெண். முறை வைத்துப் பார்த்தால் கட்டிக்கொள்ளலாம் என்று வந்து நிற்கும். இதை எண்ணித்தான், உறவெல்லாம் அறுந்தது என்று சொன்ன அதே 12ஆம் பிரிவு அதன் முதல் விலக்காக, பெற்ற வீட்டில் இருந்திருந்தால் யாரைக் கட்ட முடியாதோ அவர்களை எந்தக் காலத்திலும் கட்ட முடியாது என்று எழுதி வைத்திருக்கிறது. அடுத்த விலக்குதான் நிலம்.