பாலிசியில் வங்கியின் பெயர்

திருப்பூரில் நிட்டிங் கம்பெனி நடத்தும் ஒருவருக்குத் தொழில் கடன் சாங்ஷன் ஆகிறது. நூலும் துணியும் வாங்க 60 லட்சம் ரூபாய் சி.சி. லிமிட், மெஷினுக்குத் தனியாக டேர்ம் லோன். சாங்ஷன் கடிதத்தின் நிபந்தனைகளுக்கு நடுவே ஒரு வரி இருக்கும்: ஹைப்பாதிகேஷன் செய்த சரக்கையும் எந்திரங்களையும் முழு மதிப்புக்கு இன்சூர் செய்து, வங்கியின் பெயரைப் பாலிசியில் சேர்த்து, நகலைக் கிளையில் கொடுக்கவும். இதை ‘பேங்க் கிளாஸ் போடுவது’ என்பார்கள். இழப்பு நேர்ந்தால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று பாலிசியில் ஏற்றும் குறிப்பு அது.

இந்த வரியைப் பார்த்ததும் பலருக்கும் கோபம் வரும். “பாலிசி என்ற பேருல இருக்குது, பிரீமியம் நான் கட்டறேன். பணம் மட்டும் உங்களுக்குங்களா?” என்று மேனேஜரிடமே கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் வங்கியின் நிலையையும் பார்க்க வேண்டும். நகைக் கடனில் நகை வங்கியின் லாக்கரில் இருக்கிறது. ஹைப்பாதிகேஷனில் அப்படி இல்லை. நூல் மூட்டையும் மெஷினும் கடன் வாங்கியவரின் கொட்டகையில்தான் இருக்கும். அவர் விற்பார், வாங்குவார், ஓட்டுவார். வங்கியிடம் இருப்பது காகிதத்தில் எழுதிய உரிமை மட்டும். கொட்டகை எரிந்தால் அந்த உரிமைக்கும் ஆதாரம் போய்விடும். அதற்கு ஈடாக வரும் இன்சூரன்ஸ் தொகையாவது தன் கைக்கு வர வேண்டும் என்று வங்கி கேட்கிறது.

பாலிசியில் வங்கியின் பெயர் இரண்டு விதமாக வரலாம். பணம் பெறுபவர் இன்னார் என்று வெறும் பெயரை மட்டும் குறிப்பது ஒரு விதம். அப்படியானால் வங்கிக்குத் தனி உரிமை எதுவும் கிடையாது. உரிமையாளரின் கிளெய்ம் எந்தக் காரணத்துக்காக மறுக்கப்பட்டாலும் வங்கிக்கும் ஒன்றும் வராது. இந்தியத் தீ விபத்துப் பாலிசிகளில் ‘அக்ரீட் பேங்க் கிளாஸ்’ என்று அச்சடித்த ஷரத்து ஒன்று உண்டு. வங்கிகள் கேட்பது பெரும்பாலும் அதைத்தான். அதன்படி தொகை வங்கிக்கே போகும்; வங்கி தரும் ரசீதோடு இன்சூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பு தீரும். வங்கிக்கு உரியது போக மிச்சம் இருந்தால், அதை உரிமையாளருக்கான ஏஜெண்டாகத்தான் வங்கி வைத்திருக்க முடியும், விழுங்க முடியாது.

அந்த ஷரத்தில் இன்னொரு பகுதியும் உண்டு, அதை யாரும் படிப்பதில்லை. உரிமையாளர் சொல்லாமல் கொள்ளாமல் தொழிலை மாற்றி ஆபத்தைக் கூட்டிவிட்டார், அல்லது கட்டடத்தை 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் பூட்டி வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பாலிசி நிபந்தனைப்படி அவருக்குக் காப்பு நின்றுபோகும். வங்கியின் பங்குக்கு மட்டும் அது தொடரும். இதைக் கேட்டு உரிமையாளர் நிம்மதி அடையக் கூடாது. உரிமையாளருக்குத் தர வேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டே கம்பெனி வங்கிக்குப் பணம் கொடுத்தால், வங்கியின் உரிமைகள் அப்படியே கம்பெனிக்கு மாறும். அதாவது நேற்று வரை வங்கி கேட்ட கடனை நாளை முதல் கம்பெனி வந்து கேட்கும்.

ஆக, பேங்க் கிளாஸ் பணம் போகும் திசையைத்தான் சொல்கிறது. எவ்வளவு வரும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடி விழுவதெல்லாம் அந்த ‘எவ்வளவு’ விஷயத்தில்தான்.

மேலே சொன்ன நிட்டிங் கம்பெனியையே எடுத்துக்கொள்வோம். சி.சி. லிமிட் 60 லட்சம் என்பதால் சரக்கையும் 60 லட்சத்துக்கே இன்சூர் செய்கிறார். ஊரெல்லாம் நடக்கிற தவறு இது. வங்கியே கணக்கில் பிரீமியத்தைப் பிடித்துக்கொண்டு பாலிசி எடுத்தாலும் சில கிளைகள் லிமிட் தொகையைத்தான் போடுகின்றன. ஆனால் லிமிட்டும் சரக்கின் மதிப்பும் ஒன்றல்ல. வங்கி 25 சதவீதம் மார்ஜின் கழித்துத்தான் கொடுக்கிறது. கடனுக்கு வாங்கிப் பணம் கொடுக்காத நூலையும் கணக்கில் சேர்ப்பதில்லை. கொட்டகையில் உண்மையில் இருக்கும் சரக்கு ஒரு கோடி ரூபாய் என்று வைப்போம். ஓர் இரவு மின்கசிவால் தீப்பிடித்து 40 லட்சம் ரூபாய்ச் சரக்கு எரிகிறது. பாலிசியோ 60 லட்சத்துக்கு, எரிந்தது 40 லட்சம்தானே, முழுசாக வந்துவிடும் என்று நினைக்கிறார்.

வராது. ஒரு கோடி இருக்க வேண்டிய இடத்தில் 60 லட்சத்துக்குத்தான் காப்பு எடுத்திருக்கிறார். அப்படியானால் 40 சதவீத ஆபத்தை அவரே சுமக்கிறார் என்று பொருள். சர்வேயர் இழப்பையும் அதே விகிதத்தில் வெட்டுவார். 40 லட்சத்தில் 60 சதவீதம், 24 லட்சம். பாலிசியில் சொன்ன கழிவு வேறு அதிலிருந்து போகும். 2021 ஏப்ரலில் சிறு தொழில்களுக்கென்று வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா (ஓரிடத்தில் 5 கோடி வரை), பாரத் லகு உத்யம் சுரக்ஷா (5 முதல் 50 கோடி வரை) பாலிசிகளில் 15 சதவீதம் வரையிலான குறைவைக் கண்டுகொள்வதில்லை. இங்கே குறைவு 40 சதவீதம். அந்தச் சலுகை இவருக்கு உதவாது.

அந்த 24 லட்சம் பேங்க் கிளாஸ்படி சி.சி. கணக்கில் வரவாகும். இதைப் பறிபோன பணம் என்று எண்ண வேண்டியதில்லை. தீப்பிடித்த அன்று கணக்கில் 55 லட்சம் எடுத்திருந்தார் என்றால், பாக்கி 31 லட்சமாகக் குறையும். மிச்சமுள்ள 60 லட்சம் சரக்குக்கு மார்ஜின் போக டிராயிங் பவர் 45 லட்சம். ஆகவே 14 லட்சம் வரை எடுத்து நூல் வாங்கலாம். கஷ்டம் எங்கே என்றால், கிளெய்ம் வந்து சேரும் வரைக்குமான மாதங்களில். சரக்கு எரிந்த உடனே டிராயிங் பவர் 45 லட்சத்துக்கு இறங்கிவிடும். பாக்கியோ 55 லட்சம். 10 லட்சம் அதிகமாக எடுத்ததாகக் கணக்கு நிற்கும். இப்படியே 90 நாள் ஓடினால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதனால் தீ விபத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லும் அன்றே வங்கிக்கும் எழுத்தில் சொல்லி, கிளெய்ம் வரும் வரை தற்காலிக ஏற்பாடு கேட்க வேண்டும். மூன்றாம் மாதம் போய்க் கேட்டால் மேனேஜர் மனசு வைத்தாலும் வழி இருக்காது.

மெஷின் கதை வேறு. இரண்டு நிட்டிங் மெஷின் எரிந்தது. புதிதாக வாங்க 30 லட்சம், தேய்மானம் போக அன்றைய மதிப்பு 14 லட்சம் என்று கொள்வோம். புது மெஷின் விலைக்கே இன்சூர் செய்து, மாற்றுவிலை தரும் ஷரத்தும் பாலிசியில் இருந்தால் 30 லட்சம் கிடைக்கும். ஆனால் அதற்கு மெஷினை உண்மையில் மாற்றியாக வேண்டும், வழக்கமாக 12 மாதத்துக்குள். மாற்றாவிட்டால் 14 லட்சத்தோடு சரி. இப்போது பேங்க் கிளாஸ் குறுக்கே வருகிறது. முதலில் வரும் 14 லட்சத்தை வங்கி நேராக டேர்ம் லோனில் கழித்துவிட்டால், பாக்கி குறையும். ஆனால் டேர்ம் லோனில் கட்டிய பணத்தைச் சி.சி. போலத் திரும்ப எடுக்க முடியாது. கையில் காசில்லாமல் புது மெஷின் வாங்க முடியாது. வாங்காவிட்டால் மீதி 16 லட்சமும் கிடைக்காது.

இதற்கு வழி உண்டு. முதல் தொகை வருவதற்கு முன்பே மெஷின் கம்பெனியின் கொட்டேஷனை வைத்து வங்கிக்கு எழுதலாம்: தொகையைத் தனிக் கணக்கில் நிறுத்தி வையுங்கள், மெஷின் விற்பவருக்கு நேராகக் கொடுங்கள், புது மெஷினை உங்களுக்கே ஹைப்பாதிகேஷன் செய்து தருகிறேன் என்று. வங்கிக்கும் ஓடுகிற மெஷின்தான் லாபம். ஒழுங்காகத் தவணை கட்டிவந்த கணக்கு என்றால் ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஒத்துக்கொண்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. வேலை பேசுவது, அந்தக் கடிதம் எப்போது போகிறது என்பதைப் பொறுத்தது.

திருப்பூர்த் தொழிலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சரக்கு ஓரிடத்தில் நிற்பதில்லை. நூல் கொட்டகையில், துணி சாயப்பட்டறையில், கொஞ்சம் காம்பாக்டிங்கில், கொஞ்சம் பிரிண்டிங்கில். வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் எல்லாம் ஒரே கூட்டுத் தொகையாக இருக்கும். பாலிசியிலோ கொட்டகையின் விலாசம் மட்டும். சாயப்பட்டறை எரிந்தால் அங்கே கிடந்த துணிக்கு, வெளியே அனுப்பிய சரக்குக்கென்று பாலிசியே அனுமதிக்கும் சிறு அளவைத் தாண்டி, ஒன்றும் கிடைக்காது. வாடிக்கையாகச் சரக்குப் போகும் பட்டறைகளின் விலாசங்களைப் பாலிசியில் ஏற்ற வேண்டும், அல்லது பல இடங்களுக்கும் பொதுவாக ஃப்ளோட்டர் முறையில் எடுக்க வேண்டும். பேங்க் கிளாஸ் போடச் சொல்லிக் கடிதம் கொடுக்கும்போதே இதையும் எழுதிக் கொடுத்தால் ஒரே எண்டார்ஸ்மென்ட்டில் முடிந்துவிடும். வங்கியின் பெயரைச் சேர்க்கப் பொதுவாகக் கூடுதல் பிரீமியம் கிடையாது. இடமும் தொகையும் கூடினால் உண்டு.

அந்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிராயிங் பவர் குறையக் கூடாது என்று மாதா மாதம் சரக்கைக் கூட்டிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விபத்துக்குப் பின் சர்வேயர் வங்கியிடம் கேட்டு வாங்கும் காகிதம் அதுதான். கணக்குப் புத்தகத்தையும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். புத்தகத்தில் 70 லட்சம், வங்கிக்குச் சொன்னது ஒரு கோடி என்றால், மனிதர் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிறார். புத்தகம் சரி என்றால் வங்கியிடம் பொய் சொன்னவர் ஆகிறார். வங்கிக்குச் சொன்னது சரி என்றால் அந்த அளவுக்கு இன்சூர் செய்யாதவர்.

எந்தக் கம்பெனியில் பாலிசி எடுப்பது என்பது கடன் வாங்கியவரின் விருப்பம். வங்கி தன் கூட்டாளிக் கம்பெனியைக் காட்டலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. வங்கியே எடுத்திருந்தால் பாலிசி நகலைக் கேட்டு வாங்கித் தொகை, விலாசம், சரக்கின் விவரம் மூன்றையும் பார்ப்பது நல்லது. தீ விபத்துப் பாலிசியில் திருட்டு பொதுவாக அடங்காது, அதற்குத் தனிப் பாலிசி வேண்டும் என்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

கடன் அடைந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது பழைய விவரங்கள் அப்படியே அச்சாகிவிடும். வேறு வங்கிக்குக் கடனை மாற்றிய பிறகும் முந்தைய வங்கியின் பெயரே நின்றிருந்து, கிளெய்ம் நேரத்தில் அந்த வங்கியிடம் போய் ஆட்சேபமில்லாக் கடிதத்துக்கு அலைய வேண்டி வரும். கடனை முடிக்கும் அன்றே நோ டியூ சான்றிதழை வாங்கி, அதன் நகலோடு பழைய பெயரை நீக்கச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதினால், சில நாளில் எண்டார்ஸ்மென்ட் வந்துவிடும்.