வாங்குமுன் விற்கும் நாளைக் கணக்கிடுங்கள்

பங்குச் சந்தையில் பணம் போடும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "இந்தக் கம்பனி ஹலாலா?" என்ற கேள்வியைத்தான். அது சரியான கேள்வியே. அடுத்து இலாபம் எப்படி, பங்கிலாபம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். மூன்றாவது கேள்வியொன்று உண்டு. அதைக் கேட்பவர் மிகச் சிலரே. "நான் விற்க வரும் நாளில் இதை வாங்க ஆள் இருக்குமா?" என்பதே அது.

கொழும்பு பங்குச் சந்தையில் நாளாந்தம் நன்றாகக் கைமாறும் பங்குகளில் வங்கிப் பங்குகள் முக்கியமானவை. வட்டி காரணமாக அவற்றை நாம் ஒதுக்கிவிடுகிறோம். எஞ்சும் பட்டியலில், நல்ல கம்பனியாக இருந்தும் நாளொன்றுக்குச் சில ஆயிரம் பங்குகளே கைமாறும் சிறிய கம்பனிகள் பல உள்ளன. எனவே இந்த மூன்றாவது கேள்வி மற்றவர்களை விட நமக்கே அவசியமானது.

அண்மையில் வாசகர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். அடுத்த வருடம் ஹஜ்ஜுக்கென ஒதுக்கிய பத்து இலட்சம் ரூபாவை ஒரே பங்கில் போட எண்ணியிருக்கிறார். "நானா, திரையில விலை ஐம்பது ரூபா காட்டுது. வேணுமென்டா ஒரே நாளில வித்துப் போடலாம்தானே?" என்றார். அவருக்குச் சொன்னதை இங்கு விரிவாக எழுதுகிறேன். கணக்கு இலகுவாக விளங்குவதற்காக, கீழே வரும் எண்களை உதாரணமாக நானே அமைத்திருக்கிறேன்.

சராசரி ஏமாற்றும்

ஒரு பங்கின் விலை 50 ரூபா. கடந்த பத்து நாட்களில் அதன் நாளாந்தப் புரள்வு, அதாவது கைமாறிய பங்குகளின் மொத்தப் பெறுமதி, இலட்சம் ரூபாவில் இப்படி இருந்தது என்று வைப்போம்: 2, 3, 1, 4, 0, 2, 150, 3, 1, 2. கூட்டிப் பத்தால் பிரித்தால் சராசரி 16.8 இலட்சம். பார்த்தால் நல்ல ஓட்டமுள்ள பங்கு போலத் தெரியும்.

ஆனால் அந்த 150 இலட்சம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அது 'குரொஸிங்' ஆக இருக்கும். இரண்டு பெரிய தரப்பினர் முன்கூட்டியே பேசி முடித்து, பெருந்தொகைப் பங்குகளைத் தரகர் மூலம் கைமாற்றிக் கொள்வதையே அப்படிச் சொல்வார்கள். அந்தப் பணத்தில் ஒரு சதமேனும் உங்கள் பங்கை வாங்கக் காத்திருந்ததல்ல.

எனவே சராசரியை விட்டுவிட்டு, பாடசாலையில் படித்த இடையத்தை எடுங்கள். பத்து எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது 2 இலட்சம். இந்தப் பங்கின் சாதாரண நாள் இதுதான். ஒரு நாள் எதுவுமே கைமாறவில்லை என்பதையும் கவனியுங்கள். பத்து நாட்கள் உதாரணத்துக்குப் போதும். உண்மையில் கணக்குப் பார்க்கும்போது குறைந்தது அறுபது சந்தை நாட்களை எடுக்க வேண்டும்.

பத்தில் ஒரு பங்கு

அடுத்து, அந்த நாளாந்தப் புரள்வில் நாம் எவ்வளவு இருக்கலாம் என்பது. பலரும் பின்பற்றும் அளவு பத்து வீதம். இது சட்டமல்ல, அனுபவத்தில் வந்த ஓர் எல்லை. அதற்கு மேல் போனால் நமது விற்பனையே விலையை இறக்கத் தொடங்கிவிடும்.

எப்படி என்று பாருங்கள். கடைசியாக நடந்த வியாபாரம் 50 ரூபாவில். ஆனால் வாங்கக் காத்திருப்போர் 49.50 இல் 300 பங்கும், 49 இல் 500 பங்கும், 47.50 இல் 1,000 பங்கும், 45 இல் 2,000 பங்கும் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் அவசரத்தில் 3,000 பங்கை ஒரேயடியாக விற்றால் மேல் மூன்று படிகளும் தீர்ந்து, மீதி 1,200 பங்கு 45 ரூபாவுக்குப் போகும். கைக்கு வருவது 140,850 ரூபா, அதாவது பங்கொன்றுக்கு 46.95. தரகுக் கட்டணத்தைச் சேர்க்காமலே ஆறு வீதம் போய்விட்டது. கம்பனிக்கு ஒன்றும் நடக்கவில்லை. விலையை இறக்கியது நீங்கள்தான். உங்களிடம் எஞ்சியுள்ள பங்குகளுக்கும் இனித் திரையில் 45 ரூபாதான் தெரியும்.

வாங்கும்போது இதே விடயம் தலைகீழாக நடக்கும். நீங்கள் வாங்க வாங்க விலை ஏறும். நல்ல பங்கைப் பிடித்துவிட்டோம் என்ற சந்தோசம் வரும். ஆனால் ஏற்றியது உங்கள் பணமே.

இனி வாசகரின் பத்து இலட்சத்துக்கு வருவோம். இடையம் 2 இலட்சம், அதில் பத்து வீதம் 20,000 ரூபா. நாளொன்றுக்கு 20,000 படி விற்றால் பத்து இலட்சத்தையும் எடுக்க 50 சந்தை நாட்கள் வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் பத்து வாரம். சராசரியை நம்பிக் கணக்குப் பார்த்தவருக்கோ ஆறே நாட்கள் என்று தெரிந்திருக்கும். ஹஜ்ஜுக்குப் பணம் கட்டும் திகதி பத்து வாரம் காத்திராது.

ஒரே கணக்கு, இரண்டு வாசல்

எனது வழி இது. ஒரு வாரத்தில், அதாவது ஐந்து சந்தை நாட்களில், வெளியேற முடிய வேண்டும். நாளுக்குப் பத்து வீதம், ஐந்து நாளைக்கு ஐம்பது வீதம். ஆகவே ஒரு பங்கில் போடக்கூடிய உச்சத் தொகை, அதன் நாளாந்தப் புரள்வின் இடையத்தில் பாதி. மேற்சொன்ன பங்கில் அது ஓர் இலட்சம் மட்டுமே.

இதையே மறுபக்கமாகப் படித்தால் ஆகக் குறைந்த புரள்வு கிடைக்கும். ஒரு பங்கில் பத்து இலட்சம் போட விரும்பினால், அதன் இடையம் குறைந்தது 20 இலட்சமாக இருக்க வேண்டும். ஓர் இலட்சம் போடுபவருக்கு 2 இலட்சம் போதும். பெரிய நிதியங்கள் வைத்திருக்கும் எல்லையைப் பார்த்து எழுதத் தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் சல்லடையின் கண் அவரவர் பணத்தின் அளவிலேயே அமைகிறது.

தேவையான எண்களைக் கொழும்பு பங்குச் சந்தையின் இணையத்தளத்திலும் தரகரின் நாளாந்த அறிக்கையிலும் எடுக்கலாம். குரொஸிங் எந்தப் பங்கில் நடந்தது என்று தரகரிடம் கேட்டால் சொல்வார். அதைக் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள்.

இதற்கும் எல்லை உண்டு

புரள்வு ஒரே மாதிரி இருப்பதில்லை. சந்தை சூடாக இருக்கும் காலத்தில் எல்லாப் பங்கும் ஓடும். 2022 ஜனவரியில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டி 13,000ஐத் தாண்டியபோது எடுத்த அறுபது நாள் கணக்கு, அதே வருடம் விலைகள் விழுந்தபோது பயன்படவில்லை. 2022 ஏப்ரலில் சந்தையையே ஐந்து நாட்கள் மூட நேர்ந்தது. மூடிய சந்தையில் எந்தச் சூத்திரமும் வேலை செய்யாது. எனவே அறுபது நாள் இடையத்தையும் ஒரு வருட இடையத்தையும் எடுத்து, இரண்டில் சிறியதை வைத்துக் கணக்கிடுங்கள். திகதி குறித்த தேவைக்கான பணமாயின், அந்தத் திகதிக்குப் பல மாதங்கள் முன்னரே விற்கத் தொடங்குங்கள்.

ஓட்டம் குறைந்த பங்கு கெட்ட பங்கு என்று நான் சொல்லவில்லை. பத்து வருடம் தொடமாட்டேன், பங்கிலாபம் வந்தால் போதும் என்பவர் அதைத் தாராளமாக வாங்கலாம். அவரும் நாளுக்குப் பத்து வீதம் என்ற அளவில் சிறுகச் சிறுக வாங்கினால், தானே விலையை ஏற்றிக்கொள்ளாமல் தப்புவார்.

அந்த வாசகர் இப்போது அந்தப் பங்கில் ஓர் இலட்சத்துக்கு மேல் போடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறார். மீதி ஒன்பது இலட்சத்துக்கும் இதே கணக்கைப் போட்டு, வேறு பங்குகளைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்.